விமானத்தில் எடை எங்கே இருக்கிறது?

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு ஓடும் ஏ.டி.ஆர் விமானத்தில் போயிருப்பீர்கள். பாதி சீட் காலியாக இருக்கும். இருந்தும், "டேக்-ஆஃப் முடியும்வரை உங்கள் சீட்டிலேயே இருங்கள்" என்பார்கள். ஏதோ கெடுபிடி என்று நமக்குத் தோன்றும். அதன் காரணத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் வளாகத்தில் ஷட்டில் ஆடுகிறீர்களே, அந்த இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் கார்க் பக்கம்தான் முன்னால் திரும்பும். எடை முழுக்க முன்னால் கார்க்கில் இருக்கிறது. காற்று பிடிப்பது பின்னால் இறகில். பந்து கோணலானால் காற்று இறகைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கிவிடும்.

விமானமும் அப்படித்தான். அதன் மொத்த எடையும் ஒரே இடத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் புள்ளி ஈர்ப்பு மையம். காற்று வேகமாக வீசி மூக்கு சற்றே மேலே போனால், இறக்கையும் வாலும் சேர்ந்து கூடுதலாகத் தூக்கும் விசை வேறொரு புள்ளியில் செயல்படும். அதை நடுநிலைப் புள்ளி என்பார்கள். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருந்தால், அந்தக் கூடுதல் விசை வால் பக்கத்தை உயர்த்தி மூக்கைத் தானாக இறக்கிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் மூக்கு திரும்பி வராது. ஈர்ப்பு மையம் பின்னால் போய்விட்டால், ஏறிய மூக்கு இன்னும் ஏறும்.

முன்னாலும் ஓர் எல்லை உண்டு. மூக்குப் பக்கம் எடை மிகுந்தால், கிளம்பும்போதும் இறங்கும்போதும் மூக்கைத் தூக்க வாலுக்குப் பலம் போதாது. ஆனால் அதிக ஆபத்து பின் எல்லையில்தான். அதனால் அந்த எல்லையை நடுநிலைப் புள்ளிவரை கொண்டுபோகாமல், முன்னாலேயே இடம் விட்டு வைக்கிறார்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். 7,500 கிலோ எடையுள்ள சிறு விமானத்தில் 100 கிலோ சாமானை 3 மீட்டர் பின்னால் நகர்த்துகிறோம். 100-ஐ 3-ஆல் பெருக்கி 7,500-ஆல் வகுத்தால் 0.04 மீட்டர். ஈர்ப்பு மையம் 4 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது. இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். இந்த அளவு விமானங்களில் முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் நடுவே இருப்பதே சில பத்து சென்டிமீட்டர்தான்.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் அது தெரிந்தது. ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் 19 சீட் பீச்கிராஃப்ட் 1900டி விமானம், எல்லா சீட்டும் நிரம்பி, பின்பக்கம் பெட்டிகளோடு கிளம்பியது. தரையை விட்டதும் மூக்கு ஏறிக்கொண்டே போனது. விமானிகள் இறக்கப் பார்த்தும் இறங்கவில்லை. 54 டிகிரிவரை நிமிர்ந்து, வேகம் இழந்து விழுந்தது. அதில் இருந்த 21 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் இரண்டு காரணங்கள் வெளிவந்தன. முதலாவது, பராமரிப்பின்போது வாலில் உள்ள எலிவேட்டரின் கம்பி வடத்தைத் தவறாக இறுக்கியிருந்தார்கள். அதனால் மூக்கை இறக்கும் பக்கம் எலிவேட்டர் பாதி அளவுதான் அசைந்தது. ஆனால் இந்தக் கோளாறோடே அதற்கு முன் ஒன்பது முறை விமானம் பத்திரமாகப் பறந்திருந்தது!

பத்தாவது முறை காலை வாரியது இரண்டாவது காரணம். இறக்கையின் அகலத்தை முன்னிருந்து பின்னாக 100 பங்காகப் பிரித்துத்தான் இதைக் குறிப்பார்கள். பின் எல்லை 40. ஏற்றிய எடையை எழுதிய தாளில் இருந்தது 37.8. விசாரணைக் குழு கணக்கிட்டது 45.5. விமானிகள் அன்றைய விதிப்படிதான் கணக்குப் போட்டார்கள். ஆனால் ஒரு பயணிக்கு இவ்வளவு, ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று விதி சொன்ன சராசரி எடை பழையது. ஆட்களும் கனத்திருந்தார்கள், பெட்டிகளும் கனத்திருந்தன. பின்னர் சிறு விமானப் பயணிகளை நிஜமாகவே எடை போட்டுப் பார்த்தபோது, சராசரி ஆள் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ, கூடுதலாக இருந்தார். அதன்பின் சராசரிகளை உயர்த்தினார்கள்.

எல்லையின் வேலையே இதுதான். எல்லைக்குள் இருந்தவரை, பழுதான எலிவேட்டராலும் சமாளிக்க முடிந்தது. ஒருநாள் எலிவேட்டர் கோளாறு செய்யலாம், ஒருநாள் காற்று மோசமாக இருக்கலாம். அதற்கென்று வைத்த இருப்பை நாம் பெட்டியிலேயே செலவழித்துவிட்டால், தேவைப்படும்போது கையில் எதுவும் இருக்காது.

பெரிய விமானத்தில் ஒருவர் இடம் மாறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விமானம் சிறிதாகச் சிறிதாக, ஒவ்வொருவரும் உட்காரும் வரிசை கணக்கில் வரும். எனவே சிறு விமானத்தில் உங்களை நாலு வரிசை முன்னால் போய் உட்காரச் சொன்னால், உடனே எழுந்து போங்கள். கைப்பெட்டியின் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் மறைக்கும் மூன்று கிலோ அந்தத் தாளில் வராது. ஆனால் விமானத்தில் ஏறிவிடும்.