பெயரை நீக்கினால் போதுமா?



மாணவர் விவரங்களை ஆய்வுக்குக் கொடுக்கும்போது பெயர் நிரலை நீக்கிவிட்டு, "இனி யாரென்று தெரியாது" என்று நம்புகிறோம். அது சரியா என்று பார்ப்போம்.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்கள் பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை அப்படியே இருந்தன. லட்டானியா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதில் அந்த மூன்று விவரங்களோடு பெயரும் இருந்தது. மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்நகரில் ஆறு பேருக்கு இருந்தது. அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு கையில் கிடைத்துவிட்டது.

இதற்குத் தீர்வாக ஸ்வீனியும் பியராஞ்செலா சமராட்டியும் 1998இல் முன்வைத்ததுதான் கே-அநாமதேயம். ஒவ்வொருவரும் குறைந்தது 'கே' பேர் கொண்ட, ஒரே மாதிரித் தோன்றும் குழுவுக்குள் இருக்க வேண்டும்.

நம் கொல்லிமலைக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் 12 பேரின் ஹீமோகுளோபின் பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சிற்றூரிலிருந்து ஒரே ஒரு மாணவிதான் வருகிறாள் என்றால், ஊர்ப் பெயரே அவளுடைய பெயர் ஆகிவிடும். எனவே சிற்றூருக்குப் பதில் நாடு, பிறந்த தேதிக்குப் பதில் ஆண்டு என்று மாற்றுகிறோம். இப்போது வாழவந்தி நாடு, 2011 என்பதில் ஆறு பேர். அரியூர் நாடு, 2011 என்பதில் ஐந்து பேர். சேலூர் நாடு, 2010 என்பதில் ஒருவர். அந்த ஒரு நிரையால் 'கே' இன்னும் 1தான். அதை நீக்கினால் 'கே' 5 ஆகிறது.

விரிதாளில் இதைச் சரிபார்க்கலாம். நாடு, ஆண்டு, பாலினம் மூன்றும் A, B, C நிரல்களில் இருந்தால், காலியான ஒரு நிரலில் இரண்டாம் நிரையிலிருந்து இதை இட்டு, கீழே இழுத்து நிரப்புங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,C2)
```

வரும் எண்களில் மிகச் சிறியதே 'கே'.

இதற்கும் எல்லை உண்டு. அரியூர் நாட்டு ஐவருக்கும் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால், எந்த நிரை யாருடையது என்று தெரியாவிட்டாலும் ஐவருக்கும் ரத்தசோகை என்பது தெரிந்துவிடும். எனவே குழுவின் அளவோடு, குழுவுக்குள் மதிப்புகள் வேறுபடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மறுபக்கம், எல்லாரையும் 'கொல்லிமலை' என்று ஒரே குழுவாக்கினால், எந்த நாட்டுக்கு இரும்புச்சத்து மாத்திரை அதிகம் தேவை என்பது ஆய்வாளருக்குத் தெரியாது. ஆகவே கேட்பவருக்கு உண்மையில் என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். அதற்குத் தேவைப்படாத நிரலைக் கொடுக்கவே வேண்டாம்.