இடப்பக்கம் பனி, வலப்பக்கம் நாரை



ஒரு இணையதளத்தைத் திறந்ததும் திரையின் அகலம் முழுக்க ஒரு பெரிய படம் வரும். அதன் மேல் ஒரு தலைப்பு, தலைப்புக்குக் கீழே ஒரு பட்டன். இணையத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஹீரோ பேனர் என்பார்கள். இப்போது பலரும் இந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதிக் கேட்டு வாங்குகிறார்கள். எழுதிக் கேட்கும் அந்த வாசகத்துக்கு பிராம்ப்ட் என்று பெயர். பொருள் ஒரு பக்கமும் எழுத்துக்கு இடம் மறுபக்கமும் அமையும்படி அதை எழுதுவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

அச்சரப்பாக்கத்தில் ஒருவர் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். பேனரில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அவர் முதலில் எழுத வேண்டியது தலைப்பை. 'வேடந்தாங்கல் பறவைகளுக்குப் பக்கத்தில் ஓர் இரவு' என்று எழுதுகிறார். பட்டனில் 'அறை பதிவு செய்ய'. இந்தத் தலைப்பு மூன்று வரி பிடிக்கும். 'பறவைகளுக்குப்' போன்ற நீளமான சொல்லை நடுவில் உடைத்தால் படிக்கச் சிரமம். எழுத்துகளின் வளைவுகள் மேலும் கீழும் நீளுவதால் வரிகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளியும் வேண்டும். ஆங்கிலத் தலைப்புக்குப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் போதுமென்றால், தமிழுக்குப் பாதிப் படத்தையே ஒதுக்குவது நல்லது. எழுத்தைப் படத்துக்குள் வரைந்து தரும்படி கருவியிடம் கேட்க வேண்டாம். தமிழ் எழுத்துகளை இந்தக் கருவிகளில் சில உருக்குலைத்துவிடும். சரியாக வந்தாலும், நாளைக்கு ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் படத்தையே மாற்ற வேண்டியிருக்கும். எழுத்தும் பட்டனும் பக்கத்தை வடிவமைக்கும்போது படத்தின் மேல் தனியாக ஏறட்டும்.

அடுத்தது பிராம்ப்ட். பெரும்பாலானவர்கள் 'ஏரியில் நாரை, இடப்பக்கம் எழுத்துக்கு இடம் விடவும்' என்று எழுதுவார்கள். வருகிற படத்தில் பெரும்பாலும் நாரை நட்டநடுவில் நிற்கும். கருவி பழகிய கோடிக்கணக்கான படங்களில் பெரும்பாலும் பொருள் நடுவில்தான் இருக்கிறது. அப்படியே நாரை ஓரமாக நகர்ந்தாலும் இடப்பக்கம் சும்மா இருக்காது. அங்கே ஒரு சூரியன், ஒரு படகு, பறக்கும் பறவைக் கூட்டம் என்று ஏதாவது வந்து உட்காரும். 'பறவை வேண்டாம், மேகம் வேண்டாம்' என்று எழுதினால் சில கருவிகள் 'வேண்டாம்' என்பதை விட்டுவிட்டுப் பறவையையும் மேகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே வெற்றிடத்தைக் கேட்காமல், அந்த இடத்தில் இருக்கப்போவது எது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நம் விடுதிக்காரருக்கான வாசகம் இது:

'அகலமான புகைப்படம், 16:9 விகிதம். படத்தின் வலது மூன்றில் ஒரு பங்கில், நீரில் நிற்கும் மரத்தின் கிளை மேல் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று, இடப்பக்கம் பார்த்தபடி. இடது பாதி முழுவதும், மேலிருந்து கீழ்வரை, விடியற்காலை மூடுபனி. வெளிறிய நீலம் மெல்ல வெண்மையாக மாறுகிறது. ஏரியின் எதிர்க்கரை பனியில் மறைந்திருக்கிறது. தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தது. பின்னணி கூர்மையில்லாமல் கரைந்திருக்கிறது.'

எதிர்க்கரையை ஏன் மறைக்கிறோம்? மறைக்காவிட்டால் அக்கரை மரங்களின் கரும்பச்சை வரிசை படத்தின் குறுக்கே ஓடும். மூன்று வரித் தலைப்பில் ஒரு வரி சரியாக அதன் மேல் விழுந்து படிக்க முடியாமல் போகும். 'மேலிருந்து கீழ்வரை' என்று சொன்னது பட்டனுக்காக. வானத்தை மட்டும் சொன்னால் கீழே நாணலும் அலையும் வந்து பட்டனை விழுங்கிவிடும். நாரை இடப்பக்கம் பார்த்தால், பார்ப்பவர் கண்ணும் அதே திசையில் தலைப்புக்குப் போகும். இங்கே இடது, வலது என்பது படத்தைப் பார்ப்பவருடைய இடது, வலது. 'நாரையின் இடப்பக்கம்' என்று எழுதினால் குழப்பம் வரும்.

படம் வந்துவிட்டது. முதலில் நாரையைப் பாருங்கள். வெறுமனே 'நாரை' என்று எழுதியிருந்தால் ஐரோப்பாவின் சிவந்த அலகு வெண்நாரை வரக்கூடும். நம்முடையதற்கு அலகு மஞ்சள், முகம் செம்மஞ்சள், மார்பில் கறுப்புப் பட்டை, இறக்கையின் பின்பகுதியில் ரோஜா நிறம். இது தவறினால் பறவை பார்க்க வருகிறவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிறிய பனி மேல் கரும் எழுத்து என்றால், எழுத்து விழும் பகுதியிலேயே மிகவும் இருண்ட புள்ளியைத் தேடி, அதன் நிறத்தை எழுத்தின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். இணைய அணுகல் விதிகள் பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3-க்கு 1, சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற வேறுபாடு கேட்கின்றன. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு. படத்தைச் சேமிக்கும்போது கோப்பை ஒரேயடியாகச் சுருக்கினால், வழவழப்பான பனியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அப்படி விழுந்தால் சுருக்கத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் படத்தில் மெல்லிய புள்ளித்தன்மை சேர்க்க வேண்டும்.

பெரும்பாலான பேனர்கள் தோற்கும் இடம் செல்போன். 16:9 படத்தை, நிமிர்த்திப் பிடித்த போனின் முழுத் திரைக்கும் நிரப்பினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாகத் தெரியாது. தெரிவதும் நடுப்பகுதி. நாம் நாரையை வலப்பக்கமும் பனியை இடப்பக்கமும் வைத்திருக்கிறோம். நடுவில் எஞ்சுவது கொஞ்சம் கிளை. அதனால் போனுக்கென்று இன்னொரு படம் வாங்க வேண்டும். அதே வாசகத்தில் விகிதத்தை 4:5 என்று மாற்றி, வலது, இடது என்று இடம் சொல்லும் பகுதிகளுக்குப் பதிலாக 'நாரை கீழ்ப்பாதியில், மேல்பாதி முழுவதும் பனி' என்று எழுதினால் போதும். திரையின் அகலத்தைப் பார்த்து எந்தப் படத்தைக் காட்டுவது என்று பக்கத்துக்குச் சொல்லிவைப்பது, அதை வடிவமைப்பவருக்குச் சின்ன வேலை.

கடைசியாக ஒரு விஷயம். கருவி வரைந்த ஏரி வேடந்தாங்கல் ஏரி ஆகாது. அந்த மரமும் கரையும் அங்கே இருக்காது. அதைப் பார்த்து அறை பதிவு செய்து வருகிறவர் ஏமாந்துபோவார். விடுதிக்காரர் கையில் தாமே எடுத்த நாரைப் படம் ஒன்று இருந்தால் அதுவே நல்லது. பெரும்பாலும் அதில் பறவை நடுவில், சட்டம் முழுக்க அடைத்துக்கொண்டு இருக்கும். அந்தப் படத்தைக் கொடுத்து, இடப்பக்கம் மட்டும் நீட்டி, அங்கே மேலே சொன்ன பனியை நிரப்பும்படி கேட்கலாம். இப்போது பல கருவிகள் இதைச் செய்கின்றன. நாரையும் கிளையும் கேமரா பார்த்தவை. எழுத்துக்கு அடியில் இருக்கும் பனி மட்டும் சேர்த்தது. கோடையில் ஏரி வற்றிப் பறவைகள் கிளம்பிவிடும் என்பதால், எந்த மாதங்களில் வந்தால் இவற்றைப் பார்க்கலாம் என்பதையும் பட்டனுக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அதற்கும் சேர்த்தே இடப்பக்கத்தில் இடம் கேளுங்கள்.