கழுத்தில் தெரியும் கைவண்ணம்

வெள்ளவத்தை காலி வீதியிலும் ஹெவ்லொக் டவுன் பக்கத்திலும் உள்ள ஸ்டூடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை ஒன்று உண்டு. அப்பாவின் 31ஆம் நாள் நெருங்குகிறது. கல்வெட்டுப் புத்தகத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நல்ல படம் வேண்டும். கையில் இருப்பதோ அடையாள அட்டைக்காக எப்போதோ எடுத்த பாஸ்போட் அளவுப் படம். மேல் பொத்தான் திறந்த கசங்கிய சேர்ட். “கோட்டும் டையும் போட்டுத் தாங்கோ தம்பி” என்கிறார்கள் பிள்ளைகள்.

கோட் போடுவதில் தோற்றப் பொலிவைத் தவிர இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. அந்தச் சிறு படம் 35க்கு 45 மில்லிமீற்றர். உச்சியிலிருந்து நாடிவரை முகம் மட்டும் ஏறக்குறைய 30 மில்லிமீற்றர். 1200 டீபீஐயில் ஸ்கான் செய்தால் முகத்துக்கு 1400 பிக்சல் கிடைக்கும். படத்தை அப்படியே 15 அங்குல உயரத்துக்குப் பெருப்பித்தால் முகம் 10 அங்குலமாகி ஊதிப்போகும். அங்குலத்துக்கு 140 பிக்சல்தான் மிஞ்சும். நெஞ்சுவரை கோட் வரைந்து சட்டத்தை நீட்டினால் முகம் 5 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்துக்கு 280 பிக்சல், போதுமான தெளிவு.

ஆனால் பழைய சேர்ட்டை வெட்டி எறிய அவசரப்படக் கூடாது. அந்த நாளின் வெளிச்சத்துக்கு அதுதான் சாட்சி. எந்தத் தோள் வெளிச்சத்தில் இருக்கிறது, எந்தத் தோள் நிழலில் இருக்கிறது, தோள் எவ்வளவு சரிந்திருக்கிறது, வெள்ளைத் துணி எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. மங்கிய படமொன்றில் சேர்ட்டின் மிக வெளிச்சமான இடம், முழு வெள்ளை 255 என்ற கணக்கில், 215 என்று வைத்துக்கொள்வோம். தலைமயிரின் கருமை 40. புதுக் கோட்டின் வெள்ளைக் கொலர் 250இலும் கறுப்பு 8இலும் இருந்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல் பின்னே போய்விடும். முதலில் கோட்டை 40க்கும் 215க்கும் இடையில் அடக்கவேண்டும். இரண்டும் ஒன்றான பிறகு முழுப் படத்தையும் சேர்த்தே வெளிச்சமாக்கலாம்.

வெளிச்சம் எதிர்ப்பக்கம் விழுந்த கோட் கிடைத்தால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடும் ஆசை வரும். திருப்பினால் இடது நெஞ்சில் இருக்கவேண்டிய பை வலப்பக்கம் போகும், பொத்தான் பூட்டும் மாறும். முகத்தைத் திருப்புவது அதைவிடப் பெரிய பிழை. ஆபிரகாம் லிங்கன் 1865இல் கொல்லப்பட்ட காலத்தில் வெளியான ஓர் அச்சுப் படத்தில், அடிமை முறையை ஆதரித்த ஜோன் கல்ஹூனின் உடலில் லிங்கனின் தலையை வைத்திருந்தார்கள். பல காலத்துக்குப் பின் அந்தக் குட்டு உடைந்தது. காட்டிக்கொடுத்தது, கன்னத்தில் பக்கம் மாறி நின்ற மச்சம்!

இனிக் கழுத்து. அனுபவசாலிகள் கோட்டைப் பாதி ஊடுருவித் தெரியும்படி மேலே வைத்து, டை முடிச்சைக் கழுத்துக் குழியின்மேல் நிறுத்துவார்கள். பிறகு கோட்டின் தோள் பழைய தோளின் சரிவோடு ஒத்துவரும்வரை அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். கோட்டுக்குள் பஞ்சு இருப்பதால் தோள் சற்று உயரலாம், அவ்வளவுதான். முடிச்சு கீழே இறங்கினால் கழுத்து நீண்டுவிடும். மேலே ஏறினால் தலை நெஞ்சுக்குள் புதைந்துவிடும்.

பழைய கொலர் மறைத்திருந்த தோல், புதுக் கொலரின் ஓரத்தில் வெளியே தெரியவேண்டி வரலாம். அந்த இடத்தில் படத்தில் ஒன்றுமே இல்லை, புதிதாகத்தான் கட்டவேண்டும். மறுபக்கத் தோலை எடுத்துத் திருப்பி ஒட்டி, இந்தப் பக்க வெளிச்சத்துக்கு ஏற்ப இருட்டாக்குவார்கள். வயதானவரின் கழுத்து நரம்பையும் சுருக்கத்தையும் தொடர்ந்து வரையவேண்டும். வழுவழுப்பாக விட்டால் எழுபது வயது முகத்தின் கீழே இருபது வயதுக் கழுத்து நிற்கும்.

பலர் தவறவிடுவது நாடியின் நிழல். அது கழுத்தில் இறங்கி, கொலரிலும் முடிச்சிலும் மெல்லப் படர வேண்டும். கொலர் தொடங்கும் விளிம்பில் அது சட்டென்று நின்றால் தலை மிதக்கும். கொலரின் உள்விளிம்பு தோலைத் தொடும் இடத்திலும் ஒரு மெல்லிய கருமை வேண்டும். முழுக்கறுப்பாக அல்ல, கழுத்தின் நிழல் நிறத்திலேயே.

கோட்டின் இழை எண்ணக்கூடியதாகவும் கண்மயிர் மங்கலாகவும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். முகத்தைக் கூராக்கி அதைத் தீர்க்கப் பார்ப்பவர்கள் அப்பாவின் முகத்தையே மாற்றிவிடுகிறார்கள். கோட்டைத்தான் மங்கலாக்கி, பழைய படத்தின் மணிமணியான துகள்களை அதன்மேலும் தூவவேண்டும்.

வாழ்நாளில் டை கட்டாதவருக்கு வேட்டி சால்வையே பொருத்தம். வேலையும் எளிது, சால்வை கழுத்தின் இரு பக்கத்தையும் மறைத்துவிடும். நிற்கும் கொலர் வைத்த தேசிய உடைதான் கடினம், கொலர் உயரத்துக்குக் கழுத்து இடம் கொடுக்கவேண்டும்.

பெரிய பிரதி அடிக்குமுன் 4க்கு 6 அங்குலத்தில் ஒன்று அடித்து, அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கலாம். முகம் கண்ணை இழுக்காதபோது கழுத்தின் ஒட்டு இருந்தால் தெரிந்துவிடும். உடை தனி அடுக்கில் இருக்கும்படி கோப்பைச் சேமிப்பதும் அவசியம்; ரொறன்ரோவிலிருக்கும் மகள் சால்வைதான் வேண்டுமென்றால் முகத்தைத் தொடாமலே மாற்றிக் கொடுக்கலாம்.