ஒரு நாளைக்கு எத்தனை வினாடி?

(மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் 40 வினாடிக் களிமண் அனிமேஷன் படம் ஒன்றை எடுத்தோம். கதை நமக்கெல்லாம் தெரிந்த தாகமுள்ள காகத்தின் கதைதான். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு எடுக்கத் தொடங்கிக் கைவிட்ட படத்தில் இருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும்.

அப்போது மூன்று நிமிடப் படம் என்று முடிவு செய்திருந்தேன். சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பதால் நாமும் 24 எடுப்போம் என்றேன். பள்ளி விட்டதும் ஒன்றரை மணி நேரம் வேலை. பொருள்களை எடுத்து வைக்கவும் ஒழுங்குபடுத்தவும் 20 நிமிடம் போய்விடும். மீதி 70 நிமிடத்தில் பொம்மையைச் சற்று அசைத்து, கையை விலக்கி, ஒரு படம் எடுக்க இரண்டரை நிமிடம் ஆனது. மூன்று நாளில் 84 படங்கள் சேர்ந்தன. ஓட்டிப் பார்த்தால் மூன்றரை வினாடி! ஓர் எட்டாம் வகுப்பு மாணவி, “சார், இப்படியே போனா எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டாள். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 180 வினாடிக்கு 4320 படங்கள். நாளைக்கு 28 வீதம் 155 நாட்கள். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 28 என்ற எண் எங்களுக்குக் கிடைத்த சொத்து. ‘சிக்கன் ரன்’ படத்தை எடுத்த இங்கிலாந்தின் ஆர்ட்மன் நிறுவனத்திலேயே, தேர்ந்த அனிமேட்டர் ஒருவர் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஓரிரு வினாடிகள்தான் கிடைக்கும். எனவே மறு ஆண்டு கதையை முதலில் எழுதவில்லை. ஒரு நாளைக்கு 28 படம் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குள் அடங்கும் கதையைத் தேடினோம்.

முதல் முடிவு, வினாடிக்கு 12 படங்கள். தொழில்முறைப் படங்களிலும் ஒரே நிலையை இரண்டு முறை காட்டி, 12 அசைவுகளைக் கொண்டு 24-ஐ நிரப்பும் வழக்கம் உண்டு. கண் அதை ஏற்றுக்கொள்கிறது. எட்டுக்குக் கீழே போனால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். 40 வினாடிக்கு 480 படங்கள். தலைப்பும் முடிவும் அசையாத அட்டைகள். அவற்றுக்கு 5 வினாடி, அதாவது 60 படங்கள் மிச்சம். காகம் குடத்தை எட்டிப் பார்த்து யோசிக்கும் இடங்களில் ஒரே படத்தையே நீட்டலாம். அப்படி ஒரு 60. கூழாங்கல்லை அலகால் கொத்தி எடுக்கும் 2 வினாடிக் காட்சி மூன்று முறை வருகிறது. ஒரு முறை எடுத்தால் போதும், 48 மிச்சம். ஆக எடுக்க வேண்டியவை 312. அதை 28-ஆல் வகுத்தால் 12 நாட்கள் ஆகின்றன. தவறுகளுக்கு இரண்டு நாள் சேர்த்து 14 என்று அறிவிப்புப் பலகையில் எழுதினோம்.

இதிலிருந்து ஒரு விதி பிறந்தது. தொடங்கிய காட்சியை அன்றே முடித்துவிட வேண்டும். இரவில் களிமண் பொம்மை தன் எடையால் சற்றுச் சரியும். காலையில் பெருக்க வருபவர் மேசையை ஒரு விரற்கடை நகர்த்துவார். மறுநாள் தொடர்ந்தால் அந்த இடத்தில் படம் துள்ளும். ஆகவே 28 அசைவுகளுக்கு மேல் கேட்கும் எந்தக் காட்சியையும் இரண்டாக வெட்டினோம். காகம் பறந்து வந்து இறங்குவதை முழுவதும் காட்டவில்லை. தரையில் நிழல், அடுத்து இறங்கிய கால்கள், அவ்வளவுதான். சொல்லப்போனால் முழுவதும் பறக்கவிட்டதைவிட இது நன்றாகவே வந்தது.

அடுத்தது அரங்கின் அளவு. முந்தைய ஆண்டு குடிசை, தென்னை, கிணறு என்று இரண்டு மேசை நிறைய ஊரையே கட்டியிருந்தார்கள். நடுவிலிருந்த பொம்மையைத் தொட முயன்றவனின் முழங்கை பட்டுத் தென்னை சாய்ந்தது. இம்முறை கேமராவை, அதாவது என் கைப்பேசியைத் தாங்கியில் இறுக்கி, தாங்கியின் கால்களைத் தரையோடு டேப் ஒட்டி நிறுத்தினோம். பிறகுதான் அரங்கு. காகம் 10 செ.மீ. உயரம். திரையில் தெரியும் அகலம் 48 செ.மீ., உயரம் 27 செ.மீ. அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு 60-க்கு 45 செ.மீ. ஒட்டுப்பலகை போதுமானதாக இருந்தது. மாணவர்களின் கை எங்கும் எட்டியது. கேமராவுக்குத் தெரியாத எதையும் கட்டவில்லை.

களிமண் என்றதும் குயவரிடம் வாங்கிவிடாதீர்கள். அது உலர்ந்து வெடிக்கும். கடையில் கிடைக்கும் எண்ணெய் கலந்த வண்ணக் களிமண்தான் வேண்டும். காகத்தின் கால்களுக்குள் அலுமினியக் கம்பி வைத்தோம்.

ஒளி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டின் மூன்றரை வினாடியை ஓட்டியபோது காட்சி மின்மினி போல விட்டு விட்டு மின்னியது. ஜன்னல்தான் காரணம். மேகம் நகர்வது நம் கண்ணுக்கு உறைக்காது. இரண்டரை நிமிட இடைவெளியில் எடுத்த படங்களை அடுத்தடுத்து ஓட்டும்போது ஒவ்வொரு மேகமும் தெரியும். இம்முறை ஜன்னல்களைக் கறுப்பு அட்டையால் மூடி, 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் பக்கவாட்டில் உயரத்தில் வைத்து, அதன்முன் டிரேசிங் தாளைத் தொங்கவிட்டோம். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை நிழலை மென்மையாக்கியது. பழைய குண்டு பல்பு கூடாது. அதன் சூட்டில் களிமண் இளகும். கைப்பேசியில் வெளிச்சம், நிறம், குவியம் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கறுப்புக் காகம் அருகில் வரும்போதெல்லாம் அது தானாக வெளிச்சத்தைக் கூட்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டாம் நாள் லேசாக மின்னியது. தேடித் தேடிக் கண்டுபிடித்தோம். என் வெள்ளைச் சட்டை! நான் நகரும்போதெல்லாம் அது ஒளியைத் திருப்பி அடித்திருக்கிறது. அன்றிலிருந்து கறுப்புச் சட்டை. படம் எடுக்கும் நேரத்தில் எல்லோரும் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. கல் அலகிலிருந்து குடத்துக்குள் விழுவதற்கு மாணவர்கள் எட்டுப் படங்கள் எடுத்தார்கள். கல் இறகுபோல மிதந்து இறங்கியது. 10 செ.மீ. விழ எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டோம். ஏறத்தாழ 0.14 வினாடி, வினாடிக்கு 12 படம் என்றால் இரண்டு படம்கூட இல்லை. எனவே அலகில் ஒன்று, நடுவானில் ஒன்று, அடுத்த படத்தில் கல் இல்லை. நடுவானக் கல்லைப் பின்னாலிருந்து மெல்லிய கம்பி தாங்கியது. ஓட்டிப் பார்த்ததும் கல் ‘டொப்’பென்று விழுந்தது. தண்ணீரும் உண்மைத் தண்ணீர் அல்ல. குடத்தின் வாய் வழியே தெரியும் நீலக் களிமண் வட்டம்தான் அது. ஒவ்வொரு முறையும் அதன் அடியில் கற்களை அடுக்கி உயர்த்தினோம்.

பதினான்கு என்று எழுதியது பதினைந்தாம் நாள் முடிந்தது. ஒரு மாலை மின்சாரம் இல்லை. கடைசியில் காகம் நீர் குடிக்கும் காட்சியில் மட்டும் விதியை மீறி, பாதியை மறுநாளுக்கு வைத்தோம். இப்போது விளக்கை அணைத்துவிட்டு அந்த 40 வினாடியைத் திரையில் போடுகிறேன். 33-ஆவது வினாடியில் குடத்தின் இடது ஓரத்தைக் கவனியுங்கள். ஒரு விரற்கடை துள்ளும்.