சூடான மெயிலுக்குத் தேதியால பதில்

இன்னைக்கு ஒரே ஒரு மெயிலை எடுத்துக்குவோம். அதுக்கு எப்படி பதில் எழுதுறதுன்னு பார்ப்போம்.

நீங்க டெஸ்டிங் டீம்ல இருக்கீங்கன்னு வைங்க. 18ஆம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். மேனேஜர் மொத்த டீமையும் சிசி-ல வெச்சு எழுதுறார்: "ரிலீஸ் உங்களால்தான் தள்ளிப்போனது. 8 டெஸ்ட் கேஸ் இன்னும் முடியவில்லை. உங்களுக்கு எப்போதுமே பொறுப்பு கிடையாது."

முதல்ல இந்த மூணு வாக்கியத்தையும் தனித்தனியா பிரிங்க. "பொறுப்பு கிடையாது"ங்கிறது அவரோட கருத்து. அதை மறுக்க ஆரம்பிச்சா, பேச்சு வேலையை விட்டுட்டு உங்க குணத்துக்குப் போயிடும். அதனால மெயில்ல அதைத் தொடாதீங்க. மத்த ரெண்டும் சரிபார்க்கக்கூடிய விஷயம். பதில் அதுக்கு மட்டும்தான்.

இப்படி எழுதலாம்:

"8 டெஸ்ட் கேஸ் மீதி இருப்பது சரி. திங்கள் மதியத்துக்குள் முடித்துவிடுவேன். டெஸ்ட் சர்வர் 10ஆம் தேதி கிடைக்கும் என்பது திட்டம். கிடைத்தது 14ஆம் தேதி. இதனால் தாமதமாகும் என்று 11ஆம் தேதி அனுப்பிய மெயிலை இணைத்துள்ளேன். 14 முதல் இன்று வரை 120-ல் 112 முடிந்திருக்கிறது. அடுத்த முறை சர்வர் தள்ளிப்போனால், டெஸ்டிங் தேதியையும் அத்தனை நாள் நகர்த்தலாமா?"

வரிசையைக் கவனிங்க. உண்மையா இருக்கிறதை முதல் வரியிலேயே ஒத்துக்கிட்டோம். அதனால அடுத்து வர்ற தேதிகள் சாக்கு மாதிரி தெரியாது. சர்வர் லேட்டா வந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னோம், யார் லேட் பண்ணாங்கன்னு சொல்லலை. சொல்லியிருந்தா இன்னொரு டீமோட சண்டை ஆரம்பிச்சிருக்கும். கடைசியில இருக்கிற கேள்விக்கு அவர் ஒரு முடிவு சொல்லியாகணும்.

கோபம் பெரும்பாலும் சின்னச் சின்ன வார்த்தைகள்லதான் கசியும். "ஏற்கெனவே சொன்ன மாதிரி", "எல்லாருக்கும் தெரியும்", "தயவுசெய்து சரியா படிங்க". அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாக்கியத்தையும் பாருங்க. அதுல ஒரு தேதியோ, எண்ணிக்கையோ, அடுத்து செய்யப்போற வேலையோ இல்லைன்னா வெட்டிடுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் 'டு', 'சிசி' ரெண்டு கட்டத்தையும் காலியா வைங்க. தப்பித்தவறி சென்ட் அமுக்கினாலும் மெயில் போகாது.

ரிப்ளை ஆல் போடலாமா? தப்பான தகவல் எல்லாருக்கும் போயிருக்கு, அதனால திருத்தமும் எல்லாருக்கும் போகலாம். ஆனா அந்த "பொறுப்பு" பத்தின பேச்சை திங்கட்கிழமை அவர்கிட்ட தனியா வெச்சுக்கங்க: "சார், டீம் முன்னாடி அப்படி எழுதினது எனக்குச் சங்கடமா இருந்துச்சு. அடுத்த தடவை நேர்ல சொல்லுங்க."

ஒரு எச்சரிக்கை. 11ஆம் தேதி மெயில் உங்ககிட்ட இல்லை, வாயாலதான் சொன்னீங்கன்னா, அதைப் பதில்ல சேர்க்காதீங்க. "எப்போ சொன்னே?"ன்னு ஒரு கேள்வி வந்தா, மத்த தேதிகளும் அதோட சேர்ந்து அடிபட்டுடும். சர்வர் வந்த தேதி ஒண்ணே போதும்.

அப்புறம், இது வேலையைப் பத்தின குறைக்கான பதில் மட்டும்தான். மெயில்ல வசவு இருந்தா, பதில் எழுதாம அதை அப்படியே பத்திரப்படுத்தி ஹெச்ஆர்கிட்ட கொண்டுபோங்க.