கேலரிக்குள் போகாமல் சாட்டிலேயே இருக்கட்டும்

(குடும்பங்கள் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன வருஷம், 2025 ஜூன் மாதம், நம்ம கூமாப்பட்டி பேர் இன்ஸ்டாகிராமில் ஓடு ஓடென்று ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாம் "பிளவக்கல் அணை எப்படி இருக்கும், படம் அனுப்புங்க" என்று கேட்டார்கள். அந்த நாட்களில் ஒரு டீக்கடையில் வைத்து, பக்கத்தில் இருந்தவருக்கு அணைப் படத்தைக் காட்டலாம் என்று போனில் கேலரியைத் திறந்தேன். அவர் நல்ல மனிதர், ஆர்வமாக விரலால் தள்ளிக்கொண்டே போனார். மூன்றாவது தள்ளலில் வந்து நின்றது ஒரு பெண்மணியின் கால் புண். மருத்துவ உதவி கேட்டு மனுச் செய்த ஒரு குடும்பம் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். அதற்கு அடுத்தது அவருடைய ஆதார் அட்டை.

பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் குடும்பம் என்னிடம் அமானத்தாகக் கொடுத்ததை நான் டீக்கடையில் விரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டு இன்னொரு தப்பும் செய்தேன். கேலரியில் இருந்த மனுப் படங்களை எல்லாம் அழித்தேன். சாட்டில்தான் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. கமிட்டி கூடிய அன்று சாட்டைத் திறந்தால் படம் மங்கலாக நிற்கிறது. தொட்டால் கோப்பு இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள் என்கிறது. ஏற்கெனவே கூச்சப்பட்டு அனுப்பிய குடும்பத்திடம் போய், "இன்னொரு தடவை அந்தப் புண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆனது? நம்மில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன். அதில் வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றே ஒன்றுதான். WhatsApp Images என்ற ஃபோல்டரில் அது கிடக்கிறது. சாட் ஒரு ஜன்னல் வழியாக அதைக் காட்டுகிறது, கேலரி இன்னொரு ஜன்னல் வழியாகக் காட்டுகிறது. கேலரியில் அழித்தால் உள்ளே இருக்கிற பொருளே போய்விடும். நமக்கு வேண்டியது பொருளை எறிவது அல்ல, கேலரி பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்துவது.

அதற்கு வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. Media visibility என்று அதற்குப் பெயர். நான் தெரிந்துகொண்டதுதான் தாமதம்.

ஒரு குரூப்புக்கு மட்டும் சாத்த வேண்டுமானால், அந்தக் குரூப்பைத் திறந்து மேலே உள்ள அதன் பெயரைத் தொடுங்கள். கீழே தள்ளிக்கொண்டு போனால் Media visibility வரும். அதைத் தொட்டால் Default, Yes, No என்று மூன்று இருக்கும். No என்பதைத் தொட்டு OK கொடுங்கள். தனி ஆளின் சாட்டுக்கும் இதே வழிதான். எல்லாவற்றுக்கும் மொத்தமாகச் சாத்த Settings, அதில் Chats, அதில் Media visibility. அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். நான் மொத்தமாக அணைத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் படம் வரும் ஒரு சாட்டுக்கு மட்டும் Yes வைத்திருக்கிறேன். வேறு சாட்டில் வந்த படம் ஏதாவது கேலரிக்கு வேண்டுமென்றால், படத்தைத் திறந்து மேலே மூன்று புள்ளியில் Save கொடுத்தால் போதும்.

ஐபோன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு: Settings, Chats, Save to Photos. அதை அணைக்க வேண்டும். அந்தப் போனில் கேலரிக்குப் போவது தனி நகல். அதனால் அங்கே அழித்தாலும் சாட்டில் உள்ளது போகாது. "நான் அழித்தேன், ஒன்றும் ஆகவில்லையே அத்தா" என்று மகன் துபாயில் இருந்து சொல்வதை நம்பி இங்கே உம்மா தன் ஆண்ட்ராய்டில் அழித்துவிடக் கூடாது.

இனி முக்கியமான ஒன்று. இந்த அமைப்பு இனிமேல் இறங்கும் படத்துக்குத்தான். ஏற்கெனவே கேலரியில் இருக்கிற நிக்காஹ் படங்கள், மனுப் படங்கள், மவ்த்து வீட்டுப் படங்கள் அப்படியேதான் இருக்கும். "செயலாளர் சொன்னபடி செய்தேன், ஒன்றும் மறையவில்லை" என்று இரண்டு பேர் என்னிடமே வந்து சொன்னார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, செட்டிங்கை மாற்றிய பிறகு யாரையாவது புதிதாக ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். சாட்டில் திறந்து பாருங்கள், பிறகு கேலரியில் தேடுங்கள். சாட்டில் இருந்து, கேலரியில் இல்லையென்றால் சரி.

பழையதை மறைக்கவும் வழி உண்டு, ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். எந்த ஃபோல்டரில் `.nomedia` என்று பெயரிட்ட ஒரு வெற்றுக் கோப்பு இருக்கிறதோ, அதற்குள் கேலரி எட்டிப் பார்க்காது. No கொடுத்த பிறகு வரும் படங்களை வாட்ஸ்அப் Private என்ற உள்ஃபோல்டரில் வைப்பதும் இந்த ஏற்பாட்டில்தான். பழைய படங்கள் இருக்கும் இடம், இப்போதைய போன்களில் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

இதற்குள் ஒரு `.nomedia` கோப்பு வைத்துவிட்டு போனை அணைத்துப் போட்டால் பழைய படங்களும் கேலரியில் மறையும், சாட்டில் இருக்கும். Yes கொடுத்த சாட்டின் படங்களும் சேர்ந்தே மறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். படங்களையே வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் மட்டும் எனக்கு நடந்ததுதான் நடக்கும், சாட் தன் படத்தைக் கண்டுபிடிக்காது.

கூகுள் ஃபோட்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதில் WhatsApp Images ஃபோல்டரும் பேக்கப் ஆகும்படி வைத்திருந்தால், படம் ஏற்கெனவே கூகுள் கணக்குக்குப் போயிருக்கும். போனில் மறைத்தாலும் அங்கே நிற்கும். வீட்டு டேப்லெட்டில் அதே கணக்கு இருந்தால், பிள்ளைகள் கையிலும் நிற்கும். முதலில் அந்த பேக்கப்பை அணைத்துவிட்டு, அங்கே இருப்பதை என்ன செய்வது என்று தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அவசரப்பட்டு அங்கே அழித்தால் போனில் உள்ளதும் சேர்ந்து போகக்கூடும்.

இது பூட்டு அல்ல. வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினால் யாரும் பார்க்கலாம். போனில் இடமும் மிச்சமாகாது, படம் உள்ளேதானே இருக்கிறது. இடம் வேண்டுமானால் Storage and data என்பதில் Media auto-download பகுதிக்குப் போய், படம் தானாக இறங்காமல் நிறுத்த வேண்டும். அது வேறு வேலை.

அதோடு, நான் என் ஜன்னலைத்தான் சாத்த முடியும். நீங்கள் அனுப்பிய படம் எதிராளி கேலரியில் என்ன ஆகிறது என்பது அவர் போனின் அமைப்பு. அதனால் அறக்கட்டளையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மனுப் படங்கள் கமிட்டி குரூப்பில் போடப்படாது. என் சாட்டுக்கு மட்டும் வரும், கூட்டத்தில் என் போனிலேயே காட்டப்படும். குரூப்பில் ஒன்பது பேர் என்றால் ஒன்பது கேலரி, ஒன்பது வீட்டுப் பிள்ளைகள்.

இன்று இஷாவுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் தம்பிமார்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். போனைக் கொண்டு வந்தால் செட்டிங்கை மாற்றிக் கொடுப்பார்கள். பெண்கள் போனைக் கொடுக்க வேண்டாம், உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே தொட்டால் போதும். அதுவரை கேலரியில் எதையும் அழித்துவிடாதீர்கள்.