பிச்சாவரம் வீடியோவுக்கு ஊட்டி ஹேஷ்டேக் எதுக்கு?

சிதம்பரத்துலேர்ந்து பிச்சாவரம் போய், படகு சவாரியை வீடியோ எடுத்துட்டீங்க. யூடியூப்ல ஏத்தும்போது டிஸ்கிரிப்ஷன்ல என்ன எழுதுவீங்க?

தேடுறவர் என்ன டைப் பண்ணுவார்னு யோசிங்க. ஒருத்தர் Pichavaram boating-னு அடிப்பார், இன்னொருத்தர் தமிழ்லயே தேடுவார். அதனால முதல் ரெண்டு வரியிலயே, “சிதம்பரம் பக்கத்துல பிச்சாவரம் அலையாத்திக் காடு: படகுக் கட்டணம், நேரம், போற வழி”ன்னு இயல்பா எழுதுங்க. கீழே அதையே இங்கிலீஷ்ல ஒரு வரி. தலைப்புக்கிட்ட அதிகபட்சம் மூணு ஹேஷ்டேக்தான் தெரியும். அதனால #பிச்சாவரம் #Pichavaram #Chidambaram போதும்.

கூட்டம் வரட்டும்னு கடலூர் சில்வர் பீச், மெரினா, ஊட்டின்னு அடுக்கினா? 60-ஐத் தாண்டினா யூடியூப் எல்லா ஹேஷ்டேக்கையும் ஒதுக்கிடும். #பிச்சாவரமும் சேர்ந்தே போயிடும். வீடியோவே தேடல்லேர்ந்து தூக்கப்படலாம். 60-க்குள்ள இருந்தாலும், ஊட்டி தேடி வந்தவர் சுரபுன்னை மரத்தைப் பார்த்ததும் கிளம்பிடுவார். இந்தத் தேடலுக்கு இந்த வீடியோ பொருந்தலைன்னு அதுவே காட்டிக் கொடுத்துடும்.

யூடியூப் ஸ்டுடியோவுல அனலிட்டிக்ஸ் திறந்து, என்ன சொல்லைத் தேடி வந்தாங்கன்னு பாருங்க. அதுல பிச்சாவரமே இல்லைன்னா, முதல்ல அந்த ரெண்டு வரியைத் திருத்துங்க.